ஏலத்துல கிடக்கற மீனோட நீளத்த போட்டோலருந்து எடுக்கறது எப்படி

காசிமேட்டுல விடியக்காலைல ஏலம் நடக்கறப்ப அளவுப் பலகை எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு வஞ்சிரமா தூக்கி வெச்சு அளக்க யாரும் விட மாட்டாங்க, விடவும் முடியாது, ஒரு மீன் தரைல கிடக்கறதே ரெண்டு மூணு நிமிஷம்தான், அதுக்குள்ள விலை பேசி ஐஸ் பெட்டிக்குள்ள போயிடும். அதனால என்னை மாதிரி காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு நீளம் எடுக்கப் போறவங்க எல்லாரும் பண்றது, மீன் பக்கத்துல ஒரு பத்து ரூபா காயின் வெச்சு மேலருந்து ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து, அப்புறமா கம்ப்யூட்டர்ல கணக்கு போடறது. நானும் அதான் பண்ணேன். மூணு வாரம், தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கிளம்பி 180 போட்டோ எடுத்தேன். கடைசில வழிகாட்டி மேடம் "எங்க, ஒரு பத்து மீன டேப்லயும் அளந்து காட்டும்மா"ன்னு கேட்டாங்க. அளந்து பாத்தா பத்துமே போட்டோல நிஜத்த விட பெருசா வந்திருக்கு, ஒன்னு கூட சின்னதா வரல. 180 போட்டோவும் போச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரிய இன்னும் ரெண்டு வாரம் ஆச்சு. புரிஞ்சதுக்கு அப்புறம் பாத்தா சரி பண்றதுக்கு நூறு ரூபா கூட ஆகல. இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா அஞ்சு வாரம் மிச்சமாயிருக்கும், அதான் எழுதறேன்.

1. எந்த நீளம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மீன் நீளம்னு பொதுவா சொன்னாலும் மூணு விதம் இருக்கு. வாய் நுனிலருந்து வாலோட கடைசி நுனி வரைக்கும் எடுத்தா டோட்டல் லெங்த். வாய் நுனிலருந்து வால் ரெண்டா பிரியற கவை வரைக்கும் எடுத்தா ஃபோர்க் லெங்த். வால் துடுப்ப விட்டுட்டு சதை முடியற இடம் வரைக்கும் எடுத்தா ஸ்டாண்டர்ட் லெங்த். வஞ்சிரம், சூரை மாதிரி வால் ஆழமா கவை விட்ட மீனுக்கு ஃபோர்க் லெங்த்தான் வசதி, ஏன்னா ஏலத்துக்கு வர்றப்பவே வால் நுனி பாதி மீனுக்கு ஒடிஞ்சோ பிய்ஞ்சோ இருக்கும், ஆனா கவை அப்படியே இருக்கும். கொடுவா மாதிரி வால் உருண்டையா இருக்கற மீனுக்கு கவையே கிடையாது, அங்க டோட்டல் லெங்த்தான்.

இதுல மாட்டிக்கற இடம் என்னன்னா, நீங்க எடுத்தத வேற ஒருத்தர் எடுத்ததோடயோ ஒரு சட்ட அளவோடயோ ஒப்பிடறப்பதான் தெரியும் ரெண்டும் வேற வேற நீளம்னு. கேரளால மத்திக்கு குறைஞ்சபட்சம் 10 செமீ இருக்கணும்னு விதி இருக்கு, அது டோட்டல் லெங்த். நீங்க ஃபோர்க் லெங்த் எடுத்து வெச்சுட்டு அந்த 10ஓட ஒப்பிட்டா நல்ல மீன் கூட குட்டின்னு வந்துரும். அதனால முதல் நாளே டேட்டா ஷீட் தலைப்புல எது எடுக்கறீங்கன்னு எழுதிடுங்க, நடுவுல மாத்தாதீங்க.

2. பக்கத்துல வைக்கற பொருள்: காயின் வேணாம்

காயின் வைக்கறதுல தப்பு இல்ல, ஆனா பெரிய மீனுக்கு அது ரொம்ப சின்னது. என்னோட போட்டோ ஒன்னயே சொல்றேன். 80 செமீ உயரத்துலருந்து எடுத்தது, அதுல பத்து ரூபா காயின் குறுக்க 98 பிக்சல். காயினோட நிஜ அளவு 27 மில்லிமீட்டர். அதே போட்டோல மீன் வாய்லருந்து கவை வரைக்கும் 2442 பிக்சல். கணக்கு சாதாரண வீத கணக்குதான்:

```
2442 × 2.7 / 98 = 67.3 செமீ
```

இப்ப காயினோட ஓரத்துல கோடு இழுக்கறப்ப கை ஒரே ஒரு பிக்சல் தள்ளிப் போச்சுன்னு வைங்க, 98க்கு பதிலா 97ன்னு வரும், உடனே மீன் 68.0 செமீ ஆயிடும். ஒரு பிக்சலுக்கு 7 மில்லிமீட்டர்! ஈரத் தரைல பளபளக்கற காயினுக்கு ஓரம் எங்க இருக்குன்னு ஒரு பிக்சல் சுத்தமா யாராலயும் சொல்ல முடியாது. அதுவே 30 செமீ நீளப் பட்டை வெச்சா அது ஆயிரம் பிக்சலுக்கு மேல வரும், ஒரு பிக்சல் தப்பினா மீன் நீளத்துல அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் மாறும், கவலையே இல்ல. வைக்கற பொருள் மீன் நீளத்துல மூணுல ஒரு பங்காவது இருக்கணும், பாதி இருந்தா இன்னும் நல்லது.

நான் இப்ப வெச்சிருக்கறது ஸ்டிக்கர் கடைல வாங்கின சன்போர்டு துண்டு, 30 செமீ நீளம் 3 செமீ அகலம், அதுல ஒவ்வொரு 10 செமீக்கும் கருப்பு இன்சுலேஷன் டேப் மாத்தி மாத்தி ஒட்டினது, மொத்தமா அறுபது ரூபா ஆச்சு. ஒட்டி முடிச்சதும் நல்ல ஸ்டீல் ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துட்டு பின்னாடி நிஜ அளவ எழுதி வைங்க, என்னோடது 30.0 வெட்டச் சொன்னதுக்கு 29.8 வெட்டிக் குடுத்தாங்க, பரவாயில்ல, கணக்குல 29.8 போட்டா போச்சு. ஸ்டீல் ஸ்கேலயே எடுத்துட்டுப் போகலாமேன்னு தோணும், ஆனா ஏலக்கூடத்து லைட்ல அது கண்ணாடி மாதிரி மின்னும், கோடு எதுவும் தெரியாது. லேமினேட் பண்ண பேப்பர் ஸ்கேலும் அப்படித்தான், அதோட ஈரத்துல சுருண்டுக்கும்.

கைல ஒன்னுமே இல்லாம திடீர்னு எடுக்க வேண்டி வந்தா ஓட்டுநர் உரிமம், பான் கார்டு மாதிரி அட்டைங்க எல்லாம் ஒரே சைஸ், 85.6க்கு 54 மில்லிமீட்டர், அத பின்பக்கம் திருப்பி வெச்சு, நம்பர் தெரியாம எடுங்க. காயின்தான் இருக்குன்னா பத்து ரூபா காயினே வைங்க. அஞ்சு ரூபா காயின் வேணாம், பழசு 23 மில்லிமீட்டர், 2019ல வந்த புது வரிசை 25 மில்லிமீட்டர், எதுன்னு தெரியாம மாத்திப் போட்டா அங்கயே நூத்துக்கு எட்டு ஒன்பது தப்பு.

3. பட்டைய தரைல வைக்காதீங்க, தூக்கி வைங்க

இதான் என்னோட 180 போட்டோவையும் கெடுத்த விஷயம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

கேமராவுக்கு கிட்ட இருக்கறது பெருசா தெரியும், தள்ளி இருக்கறது சின்னதா தெரியும். காயின் தரைல ஒட்டிக் கிடக்கு. மீன் அப்படி இல்ல, அதுக்கு பருமன் இருக்கு. ஒரு பக்கமா படுத்திருக்கற வஞ்சிரத்தோட வாய் நுனியும் வால் கவையும் தரைல படாது, உடம்போட நடுக்கோட்டு உயரத்துல அந்தரத்துல நிக்கும், அதாவது பருமன்ல பாதி உயரத்துல. மேல சொன்ன மீன் 8 செமீ பருமன், அப்ப வாயும் கவையும் தரைலருந்து 4 செமீ மேல. கேமரா தரைலருந்து 80 செமீ மேல இருந்துச்சு. அப்ப காயினுக்கும் கேமராவுக்கும் தூரம் 80, மீனுக்கும் கேமராவுக்கும் தூரம் 76. மீன் அந்த அளவுக்கு கிட்ட இருக்கறதால பெருசா விழுது, காயின் அந்த அளவுக்கு பெருசாகல. எவ்வளவு பெருசுன்னா 80ஐ 76ஆல வகுத்தா 1.05, நூத்துக்கு அஞ்சு.

இப்ப 67.3ஐ சரி பண்ணிப் பாருங்க:

```
67.3 × 76 / 80 = 63.9 செமீ
```

டேப்ல அளந்தப்ப அந்த மீன் 64.0. இந்த ஒரு வரி வந்தப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. ஏன் பத்து மீனும் பெருசாவே வந்துச்சு, ஏன் ஒன்னு கூட சின்னதா வரலங்கறதுக்கும் இதான் பதில். இது கை நடுக்கம் மாதிரி அங்கயும் இங்கயும் போற தப்பு இல்ல, எப்பவும் ஒரே பக்கம்தான் இழுக்கும். நிறைய மீன் எடுத்து சராசரி போட்டாலும் போகாது. நூத்துக்கு அஞ்சுதானேன்னு விட்டுடாதீங்க, நீளத்துலருந்து எடை கணக்கு போடறவங்களுக்கு எடை கிட்டத்தட்ட நீளத்தோட மூணாவது அடுக்குல போகும், நீளத்துல 5 தப்புன்னா எடைல 16 தப்பு வந்து நிக்கும்.

சரி பண்ண ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் சேத்தே பண்ணுங்க.

முதல் வழி, பட்டைய மீனோட பாதிப் பருமன் உயரத்துக்கு தூக்கி வைக்கறது. நான் தெர்மகோல் துண்டு 2 செமீ, 3 செமீ, 4 செமீ உயரத்துல வெட்டி ஜோடி ஜோடியா பைல வெச்சிருக்கேன், உடைஞ்ச மீன் பெட்டிலருந்தே வெட்டிக்கலாம், காசே இல்ல. மீன பாத்ததும் பருமன் தோராயமா தெரியும், அதுல பாதிக்கு எது கிட்டயோ அந்த ஜோடிய பட்டையோட ரெண்டு முனைக்கும் கீழ குடுத்துருங்க. ஒரு செமீ முன்ன பின்ன இருந்தாலும் தப்பு நூத்துக்கு ஒன்னு சொச்சம்தான். அதே வஞ்சிரத்துக்கு பட்டைய 4 செமீ தூக்கி வெச்சு எடுத்திருந்தா, பட்டையோட 29.8 செமீ 1137 பிக்சல் வந்திருக்கும், மீன் அதே 2442. கணக்கு போட்டா 64.0, எந்தத் திருத்தமும் பண்ணாம.

ரெண்டாவது வழி, கேமராவ இன்னும் மேல கொண்டு போறது. அதே 4 செமீ வித்தியாசம் 80 செமீலருந்து பாத்தா நூத்துக்கு அஞ்சு, 150 செமீலருந்து பாத்தா மூணு கூட இல்ல. அதனால குனிஞ்சு எடுக்காம நின்னுட்டு, கைய நெஞ்சுக்கு மேல தூக்கி, 2x ஜூம் வெச்சு எடுங்க. 0.5x லென்ஸ் மட்டும் தொடவே தொடாதீங்க, அது கிட்டருந்து எடுக்கத் தூண்டும், அதோட ஓரத்துல இருக்கறத எல்லாம் இழுத்து நீட்டிக் காட்டும், மீனோட தலையும் வாலும்தான் ஓரத்துல இருக்கும்.

தட்டையான மீனுக்கு இந்தத் தலைவலி கம்மி. வாவல் எடுக்கறப்ப பாதிப் பருமன் ஒன்னு ஒன்னரை செமீதான் வரும், தீப்பெட்டி மேல பட்டைய வெச்சாலே போதும். பருமனான சூரைக்குதான் ரொம்ப கவனமா இருக்கணும்.

4. போட்டோ எடுக்கற 20 செகண்ட்

மொத்தமே அவ்வளவு நேரம்தான் கிடைக்கும், அதனால வரிசைய கை பழகிக்கணும், வீட்ல ஒரு சுரைக்காய வெச்சு பத்து தடவை பழகிட்டுப் போங்க.

மீன் வளைஞ்சு கிடந்தா முதல்ல நேராக்குங்க. தொடறதுக்கு முன்னாடி மீன்காரங்க கிட்ட கேளுங்க, "அக்கா, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன், தூக்க மாட்டேன்"னு சொன்னா பெரும்பாலும் அவங்களே வால இழுத்து நேரா விட்டுக் குடுப்பாங்க. வாய் திறந்து கிடந்தா மூடுங்க, திறந்த வாய் நீளத்த மாத்திடும். அப்புறம் பட்டைய மீனுக்குப் பக்கத்துல, மீன் படுத்திருக்கற அதே திசைல வைங்க. குறுக்க வைக்காதீங்க. போன் கொஞ்சம் சாஞ்சிருந்தா ஒரு திசைல எல்லாமே குறுகித் தெரியும், பட்டையும் அதே திசைல இருந்தா மீனோட சேந்து அதுவும் குறுகும், வீதம் பெரிசா கெடாது. குறுக்க வெச்சா பட்டை குறுகாது, மீன் மட்டும் குறுகும்.

மீனோட நடுப்பகுதிக்கு நேர் மேல நில்லுங்க, தலைப் பக்கமோ வால் பக்கமோ நின்னுட்டு கைய நீட்டாதீங்க. கேமரா செட்டிங்ஸ்ல கிரிட் ஆன் பண்ணி வைங்க, பல போன்ல நேர் கீழ பாத்து பிடிச்சா நடுவுல ரெண்டு ப்ளஸ் குறி வரும், அது ரெண்டும் ஒன்னா சேந்தா போன் மட்டமா இருக்குன்னு அர்த்தம். மீன் ஃப்ரேமோட நடு முக்கால் பாகத்துக்குள்ள இருக்கட்டும், சுத்தி இடம் விடுங்க. மூணு போட்டோ எடுங்க, ஒன்னுல கண்டிப்பா யாரோட காலாவது வந்து நிக்கும்.

உயரம் எவ்வளவுன்னு தெரிய போன் கவர்ல ஒரு நூல் கட்டி, நுனில ஒரு வாஷர் தொங்கவிட்டு, நூல் 130 செமீன்னு அளந்து முடிச்சு போட்டு வெச்சிருக்கேன். வாஷர் தரைல தட்டினதும் நூல கைல சுருட்டிட்டு க்ளிக். பட்டைய தூக்கி வைக்க முடியாம போற போட்டோவுக்கு இந்த உயரம்தான் பின்னாடி திருத்தத்துக்கு உதவும், அது இல்லாததாலதான் என் பழைய 180 போட்டோல பெரும்பாலானத என்னால காப்பாத்த முடியல. மேல சொன்ன வஞ்சிரம் அன்னிக்கு ஒரு ஸ்டூல் மேல கை வெச்சு எடுத்ததால ஸ்டூல அளந்து உயரம் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

5. கைல இருக்க வேண்டிய பேப்பர்

துறைமுகத்துல போட்டோ எடுக்கறப்ப யாராவது வந்து எதுக்குன்னு கேப்பாங்க, அவங்க கேக்கறது நியாயம்தான். காலேஜ் லெட்டர்ஹெட்ல துறைத்தலைவர் கையெழுத்தோட, என்ன ப்ராஜெக்ட், எந்த மீன், எந்த மாசம் வரைக்கும்னு தமிழ்லயே எழுதின ஒரு கடிதம், அதோட ரெண்டு ஜெராக்ஸ், ஐடி கார்டு. முடிஞ்சா முதல் நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே பகல்ல போய் துறைமுக அலுவலகத்துலயும் படகு சங்கத்துலயும் ஒரு நகல் குடுத்துட்டு வந்துருங்க, விடியக்காலைல போய் நின்னு விளக்கம் சொல்லிட்டு இருந்தா ஏலம் முடிஞ்சுரும்.

டேட்டா ஷீட்ல ஒரு மீனுக்கு ஒரு வரி: மீன் நம்பர், என்ன மீன், கேமரா உயரம், பட்டை எந்த தெர்மகோல் மேல இருந்துச்சு, வால் முழுசா இருக்கா ஒடிஞ்சிருக்கா. இந்த மீன் நம்பர ஒரு சின்ன அட்டைல பெரிய எழுத்துல எழுதி போட்டோக்குள்ளயே வர்ற மாதிரி வைங்க. போன் குடுக்கற ஃபைல் பேர நம்பாதீங்க, வாட்ஸப்ல அனுப்பினா பேர் மாறிடும். அனுப்பறதா இருந்தா டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா சைஸ் குறைஞ்சு வரும். அதுல வீதம் கெடாது, ஆனா பிக்சல் குறைஞ்சு போய் ஓரம் மங்கிடும்.

6. கம்ப்யூட்டர்ல நீளம் எடுக்கறது

ImageJ இலவசம், பழைய லேப்டாப்லயும் ஓடும். ஒரு மீனுக்கு முதல்ல அஞ்சு நிமிஷம் ஆகும், பழகினா ஒன்னரை நிமிஷம்.

போட்டோவ `File > Open` குடுத்து திறங்க. நேர்க்கோடு டூல எடுத்து, நல்லா ஜூம் பண்ணி, பட்டையோட ஒரு முனைலருந்து இன்னொரு முனைக்கு கோடு இழுங்க. `Analyze > Set Scale` போங்க, அங்க `Distance in pixels` தானா நிரம்பியிருக்கும், `Known distance`ல 29.8, `Unit of length`ல cm போட்டு ஓகே குடுங்க. அங்க `Global`ன்னு ஒரு பெட்டி இருக்கும், அத டிக் பண்ணவே பண்ணாதீங்க. டிக் பண்ணா முதல் போட்டோவோட ஸ்கேல் திறக்கற எல்லா போட்டோவுக்கும் ஒட்டிக்கும், ஒவ்வொரு போட்டோவும் கொஞ்சம் வேற உயரத்துலருந்து எடுத்தது, எல்லாம் தப்பாயிடும், ஆனா நம்பர் பாக்க நியாயமா இருக்கறதால கண்டுபிடிக்கவும் முடியாது. என் கூட வேலை பாத்த தம்பிக்கு 40 மீன் இப்படி போச்சு.

அப்புறம் வாய் நுனிலருந்து கவைக்கு கோடு இழுத்து கீபோர்ட்ல M தட்டுங்க, ரிசல்ட் டேபிள்ல `Length` வந்துரும். மீன் எவ்வளவு முயற்சி பண்ணியும் நேராகாம வளைஞ்சே விறைச்சிருந்தா, கோடு டூல் மேல ரைட் க்ளிக் பண்ணி `Segmented Line` எடுத்து உடம்போட நடுவுல நாலஞ்சு புள்ளி வெச்சு போங்க. ஆனா நேரா கிடக்கற மீனுக்கு அது வேணாம், முதுகு வளைவு மேல போய் அளக்கறது நீளமே இல்ல, பலகைல வெச்சா வர்ற நேர்க்கோட்டு தூரம்தான் நீளம்.

மீன அளக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. பட்டைல முதல் 10 செமீ எத்தன பிக்சல், கடைசி 10 செமீ எத்தன பிக்சல்னு பாருங்க. ரெண்டும் சமமா இருக்கணும். ஒரு போட்டோல எனக்கு 392ம் 371ம் வந்துச்சு, நூத்துக்கு அஞ்சு மேல வித்தியாசம், போன் தலைப் பக்கம் சாஞ்சிருந்திருக்கு. நூத்துக்கு ரெண்டுக்கு மேல போனா அந்த போட்டோவ விட்டுட்டு அடுத்தத எடுங்க, மூணு எடுக்கச் சொன்னது இதுக்கும்தான். அதனாலதான் பட்டைல 10 செமீக்கு ஒரு கருப்பு.

கம்ப்யூட்டர் இல்லன்னா போன் ஸ்க்ரீன்லயே போட்டோவ முழுசா வெச்சு, பிளாஸ்டிக் ஸ்கேல ஸ்க்ரீன் மேல வெச்சு மீன் எத்தன மில்லிமீட்டர், பட்டை எத்தன மில்லிமீட்டர்னு பாத்து வகுத்து பட்டையோட நிஜ நீளத்தால பெருக்குங்க. ரெண்டையும் ஒரே ஜூம்ல அளக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. ஒன்னு ரெண்டு செமீ தப்பு வரும், குட்டியா பெருசான்னு தெரியறதுக்கு அது போதும்.

7. முதல் வாரமே பத்து மீன டேப்லயும் அளங்க

நான் மூணு வாரம் கழிச்சு பண்ணத நீங்க மூணாவது நாளே பண்ணிடுங்க. ஏலத்துல நடக்காது, ஏலம் முடிஞ்சதும் சில்லறை விக்கற அக்காங்க கிட்ட உக்காந்து கேட்டா அளக்க விடுவாங்க, இல்லன்னா மார்க்கெட்ல ரெண்டு மீன் காசு குடுத்து வாங்கிடுங்க. சின்னதும் பெருசும் கலந்து பத்து மீன், ஒவ்வொன்னுக்கும் போட்டோ நீளம் மைனஸ் டேப் நீளம் எழுதுங்க.

பத்தும் கூடவே வந்தா பட்டை மீன விட தாழ இருக்கு, மூணாவது படிக்குத் திரும்பிப் போங்க. பத்தும் குறைவாவே வந்தா பட்டைய தேவைக்கு மேல தூக்கிட்டீங்க, இல்ல மீன நேராக்காம எடுக்கறீங்க. சிலது கூட சிலது குறைவு, ஆனா சராசரி பூஜ்யத்துக்கு கிட்டன்னா முறை சரி, மிச்சம் இருக்கறது கோடு இழுக்கற கை. பட்டை மாத்தினதுக்கு அப்புறம் என்னோட பத்து மீன்ல பெரிய வித்தியாசம் 0.8 செமீ, நாலு கூட ஆறு குறைவு. பெரிய மீன்ல மட்டும் அதிகமா வந்துச்சுன்னா பருமன குறைச்சு மதிப்பிடறீங்கன்னு அர்த்தம், 4 செமீ தெர்மகோல் ஜோடிய எடுங்க.

8. வேற யாரோ எடுத்த போட்டோன்னா

தூண்டில் போடறவங்க அனுப்பற போட்டோ வேற மாதிரி, மீன கைல பிடிச்சு கேமராவப் பாத்து நீட்டியிருப்பாங்க. ஆள் கேமராலருந்து 200 செமீ தள்ளி, மீன் 140 செமீ தள்ளி இருந்தா, ஆளோட தொப்பியையோ சட்டையையோ வெச்சு கணக்கு போட்டா மீன் நிஜத்த விட நூத்துக்கு 43 பெருசா வரும். அதனால ஆள விட்டுடுங்க, மீன் இருக்கற அதே தூரத்துல இருக்கற பொருளத் தேடுங்க. பெரும்பாலும் கிடைக்கறது மீன பிடிச்சிருக்கற கையோட வாட்ச்.

அப்படி ஒரு கொடுவா போட்டோ வந்துச்சு. வாட்ச்சோட டயல் அகலம் எவ்வளவுன்னு அவர் கிட்டயே கேட்டேன், அளந்து 42 மில்லிமீட்டர்னு சொன்னார். போட்டோல டயல் 60 பிக்சல், மீன் 640 பிக்சல், கணக்கு போட்டா 44.8 செமீ. ஆனா டயல் ஓரத்துல ரெண்டு பிக்சல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலாம், 62ன்னு வெச்சா 43.4, 58ன்னு வெச்சா 46.3. அதோட மணிக்கட்டு மீன விட ஒரு ரெண்டு விரல் பின்னாடி இருக்கு, அதனால நிஜம் கீழ்ப் பக்கம்தான் இருக்கும். அந்த மாதிரி மீனுக்கு ஷீட்ல 44.8ன்னு எழுதாதீங்க, 43லருந்து 46ன்னு ரெண்டு கட்டம் போட்டு எழுதுங்க, மூணாவது கட்டத்துல "வாட்ச், கைல பிடிச்சது"ன்னு எழுதுங்க. தரைல பட்டை வெச்சு எடுத்த மீனோட இத ஒரே சராசரில சேக்காதீங்க.